புட்டியின் மறுபக்கத்தைக் காட்டுங்கள்

இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை ஆணையர் அவர்களுக்கு,

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையிலிருந்து எழுதுகிறேன். சேலைக்குப் பேர்போன ஊர் இது. பக்கத்திலேயே மூலிகைக்குப் பேர்போன கஞ்சமலை, அங்கே சித்தர் கோயில். நாளெல்லாம் தறியில் உழைப்பவர்களுக்கு இடுப்பு வலியும் மூட்டு வலியும் விடுவதில்லை. அதனால் மூலிகை மருந்து என்றால் இங்கே நம்பிக்கை அதிகம். ஒரு புட்டியைப் படமெடுத்து, "இது நல்ல மருந்துதானா, பாத்துச் சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறார்கள். அப்படி வந்த ஒரு படத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

மூட்டு வலிக்கான லேகியம் அது. படத்தில் தெரிந்தது முன்பக்கம் மட்டும்: ஒரு சித்தர் உருவம், பச்சை இலை, "100% இயற்கை" என்ற வரி, ஐ.எஸ்.ஓ. முத்திரை ஒன்று. இவற்றில் எதுவுமே மருந்து உரிமம் ஆகாது. எனவே புட்டியைச் சுற்றி நான்கு பக்கமும், அடிப்பாகம், மூடி, அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன். பளபளக்கும் தாளில் விளக்கொளி பட்டால் சிறிய எழுத்துதான் முதலில் அழிந்துபோகும். 8, 3 போலத் தெரியும். தொகுதி எண்ணும் தேதியும் பல புட்டிகளில் அடியிலோ கழுத்திலோதான் அச்சாகியிருக்கும்.

மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் 161ஆம் விதி, இத்தகைய புட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது. "சித்த மருந்து" அல்லது "ஆயுர்வேத மருந்து" என்ற சொல், சேர்ந்த பொருள்கள் அளவோடு, தயாரிப்பாளர் பெயர் முகவரி, தொகுதி எண், தயாரித்த தேதி, உற்பத்தி உரிம எண். உரிம எண்ணோடு 25டி என்று இருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது உரிமம் தரும் படிவத்தின் பெயர், எல்லாருக்கும் பொது. அதை மட்டும் அச்சிட்டு எண்ணை விட்டுவிட்டால் ஒன்றும் அச்சிடாததற்குச் சமம்.

நான் பார்த்த புட்டியின் பின்பக்கத்தில் உரிம எண் இல்லை. "சித்த மருந்து" என்ற சொல்லும் இல்லை. 224 என்று தொடங்கும் 14 இலக்க எண் மட்டும் இருந்தது. அது உணவுப் பாதுகாப்பு ஆணையம் தருவது. முதலில் உள்ள 2 சிறு வணிகருக்கான பதிவு என்பதையும், 24 தமிழ்நாடு என்பதையும் குறிக்கும். அதாவது சட்டத்தின் கண்ணில் அந்த லேகியம் ஒரு தின்பண்டம். ஆனால் அதே தாளில் "மூட்டு வலி, வாதம் அடியோடு குணமாகும்" என்று போட்டிருக்கிறது. உணவு என்றால் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லக் கூடாது. மருந்து என்றால் உற்பத்தி உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது. எந்த வழியில் பார்த்தாலும் அது தேறவில்லை. வாங்கியவரிடம் சாப்பிட வேண்டாம் என்றேன், புட்டியைத் தூக்கி எறியவும் வேண்டாம் என்றேன். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதைப் படம் காட்டாது. ஈயமோ ஸ்டீராய்டோ இருந்தால் ஆய்வகம்தான் சொல்ல முடியும், அதற்குப் புட்டி வேண்டும்.

வைத்தியர் தம்மிடம் வரும் நோயாளிக்குத் தாமே செய்து கொடுக்கும் மருந்துக்கு உற்பத்தி உரிமம் தேவையில்லை. அந்த விலக்கு நியாயமானது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அச்சிட்ட தாள் ஒட்டி, கடையிலும் கூரியரிலும் முகம் தெரியாதவருக்கு விற்பது வேறு.

எண் இருந்துவிட்டாலும் வேலை பாதிதான் முடிகிறது. உரிமம் தயாரிப்பாளருக்குத் தரப்படுகிறது. எந்தெந்த மருந்தைச் செய்யலாம் என்ற பட்டியல் அதோடு சேர்ந்தது. தைலத்துக்கு வாங்கிய எண்ணை லேகியத்தில் ஒட்டினால், எண் உண்மை, மருந்து உரிமமற்றது. இதை வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உணவுப் பதிவெண்ணை ஆணையத்தின் தளத்தில் தட்டினால் பதிவுபெற்றவர் பெயர் வருகிறது. அதுபோல, தமிழ்நாட்டின் ஒவ்வொரு சித்த, ஆயுர்வேத, யுனானி உரிம எண்ணுக்கும் தயாரிப்பாளர் பெயர், ஊர், அனுமதிக்கப்பட்ட மருந்துகள், ஒப்புதல் பெற்ற புட்டித்தாளின் படம் ஆகியவை தமிழில், கைபேசியில் கிடைக்கும்படி செய்யுங்கள்.

இன்னொன்று, இதைவிட அவசரமானது. எட்டி, சேராங்கொட்டை, நேர்வாளம், பாதரசம் போன்றவை சேர்ந்த உள்மருந்துகளில் "மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்" என்ற எச்சரிக்கை கட்டாயம். ஆனால் அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்றுதான் விதி கேட்கிறது. சேராங்கொட்டை லேகியத்தைச் சாப்பிடும் தறிக்காரர் இவ்விரண்டையும் படிக்கத் தெரியாதவராக இருந்தால், அவருக்கு அந்த எச்சரிக்கை இல்லவே இல்லை. விதியைத் திருத்துவது மத்திய அரசின் கையில் இருக்கலாம். அதற்குள் தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற எல்லா நிறுவனங்களுக்கும், அந்த ஒரு வரியைத் தமிழிலும், படிக்கும் அளவு எழுத்தில், புட்டியின் முன்பக்கத்தில் போடும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இளம்பிள்ளை வாசி ஒருவர்