முப்பது நாள் சரி, எந்த நாளிலிருந்து?

படித்துக்கொண்டே மொழிபெயர்ப்பு, பக்க வடிவமைப்பு, சப்டைட்டில் என்று வெளிவேலை செய்கிற எங்களுக்கு இன்வொய்ஸ் புதிய விஷயமில்லை. இணையத்தில் கிடைக்கிற மாதிரிகளில் தொகைக்குக் கீழே ‘நெற் 30’ என்று ஒரு வரி இருக்கும். முழுத்தொகையையும் 30 நாளுக்குள் கட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஆனால் எந்த நாளிலிருந்து 30 என்று அந்த வரி சொல்வதில்லை. சண்டை தொடங்குவதே அங்கேதான்.

வேறெதுவும் பேசிக்கொள்ளாவிட்டால், வியாபார வழக்கத்தில் இன்வொய்ஸில் உள்ள திகதியிலிருந்துதான் எண்ணுவார்கள். அந்த நாளை விட்டுவிட்டு, அடுத்த நாள் ஒன்று. சனி, ஞாயிறு, போயா எல்லாம் சேரும். ஆனால் பல இடங்களில் கணக்குப் பிரிவு சொல்வது வேறு: “எங்களுக்குக் கிடைச்ச நாளிலிருந்துதான் கணக்கு.”

இதனால் என்ன வரப்போகிறது என்று ஒரு உதாரணத்தில் பார்ப்போம். மார்ச் 3ஆம் திகதி போட்ட 45,000 ரூபாய் இன்வொய்ஸ் ஒன்று. அன்றைக்கே வேலை தந்த அலுவலரின் மெயிலுக்குப் போகிறது. அவர் களப்பயணத்தில் நிற்கிறார், மார்ச் 14தான் கணக்குப் பிரிவுக்கு அனுப்புகிறார். இன்வொய்ஸ் திகதியிலிருந்து எண்ணினால் கடைசி நாள் ஏப்ரல் 2. கணக்குப் பிரிவுக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணினால் ஏப்ரல் 13, அதாவது புத்தாண்டுக்கு முதல்நாள். அந்த நிறுவனம் மாதத்தில் 10ஆம், 25ஆம் திகதிகளில் மட்டும் காசு விடுவிக்கிறது என்று வைப்போம். முதல் கணக்கின்படி, கொஞ்சம் பிந்தினாலும் ஏப்ரல் 10க்குக் காசு வந்துவிட வேண்டும். இரண்டாவது கணக்கின்படி 10ஆம் திகதி அவசரமில்லை என்று விட்டுவிட்டு 25க்குத் தள்ளலாம். பதினொரு நாள் வித்தியாசம் பதினைந்து நாளாகிறது. இதற்கிடையில் புத்தாண்டும் போய்விடும், அறை வாடகையும் கட்ட வேண்டும்.

கிடைத்த நாள் என்பது முட்டாள்தனமான கணக்கு என்று நாங்கள் சொல்லவில்லை. 1ஆம் திகதி போட்ட இன்வொய்ஸை ஒருவர் 20ஆம் திகதி அனுப்பினால், மிச்சம் 11 நாளில் கட்டு என்று கேட்பது நியாயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுத் தாமதக் கொடுப்பனவு விதியும், ஒப்பந்தத்தில் நாள் குறிக்காத இடத்தில், இன்வொய்ஸ் கிடைத்ததிலிருந்துதான் 30 நாளை எண்ணுகிறது. அமெரிக்க மத்திய அரசு தான் வாங்குபவற்றுக்குக் காசு கட்டுகிறபோதும் பொதுவாக அப்படித்தான்.

ஆனால் அந்த விதிகள் வாங்குபவரையும் கட்டிப்போடுகின்றன. கிடைத்த திகதி நிச்சயமில்லை என்றால், ஐரோப்பிய விதி பொருளோ சேவையோ கிடைத்த நாளிலிருந்து எண்ணுகிறது. அமெரிக்காவில் இன்வொய்ஸில் பிழை இருந்தால் பொதுவாக 7 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பிந்தினால் அந்த நாட்கள் அரசின் 30இலிருந்து கழியும். இன்வொய்ஸ் வந்த உடனே அதில் கிடைத்த திகதியைக் குறிக்காவிட்டால், விற்றவர் போட்ட திகதியே கணக்கு. அதாவது, மணிக்கூடு உன் கையில் என்றால் அதை ஓடவிடும் பொறுப்பும் உன்னுடையது.

அந்தச் சட்டங்கள் இங்கே செல்லாது. இங்கே நடப்பது, உரிமையை எடுத்துக்கொண்டு பொறுப்பை விட்டுவிடுவது. இன்வொய்ஸ் யாருடைய மேசையில் தூங்கியது என்பது எங்களுக்குத் தெரியாது. அதனால் எங்கள் நிலைப்பாடு இது: இன்வொய்ஸை அன்றைக்கே அனுப்பியதற்கு மெயில் சாட்சியாக இருந்தால், அதன் திகதியிலிருந்தே எண்ண வேண்டும். நிறுவனத்துக்குள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக எடுத்த நாளை வேலை செய்தவர் தலையில் கட்டக்கூடாது.

இதைக் காசு பிந்திய பிறகு வாதாடி வெல்வது கஷ்டம். வேலையை ஒப்புக்கொள்கிற மெயிலிலேயே “இன்வொய்ஸ் திகதியிலிருந்து 30 நாள்” என்று எழுதி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்களுடைய ஒப்பந்தத்தில் ‘கிடைத்த நாளிலிருந்து’ என்று இருந்து, நாங்கள் அதில் கையெழுத்தும் போட்டுவிட்டால், பிறகு இன்வொய்ஸில் வேறுவிதமாக எழுதுவதால் அது மாறாது. அப்படியான இடத்தில் கணக்குப் பிரிவின் மெயில் முகவரியைக் கேட்டு வாங்கி, நேரடியாக அங்கேயும் அனுப்பி, கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் கேட்க வேண்டும்.

இன்வொய்ஸில் ‘நெற் 30’ என்பதோடு நிறுத்தாமல், “செலுத்த வேண்டிய கடைசி நாள்: ஏப்ரல் 2” என்று திகதியையே எழுதுங்கள். அந்த நாள் பிழை என்றால் ஏப்ரலில் இல்லை, மார்ச்சிலேயே அவர்கள் சொல்லட்டும்.