புள்ளிக்கு முன்னால் நிற்பவர்கள்

கனகம்மாசத்திரத்தில் ஒன்றாகப் படித்தவர்களின் பெயர்ப் பட்டியலைச் சரிசெய்யும் வேலை சென்ற மாதம் என் தலையில் விழுந்தது. பல பேர் பல காலத்தில் தட்டியது. அகர வரிசையில் அடுக்கலாமென்று பொத்தானை அழுத்தினேன். அத்தனை பேரும் அவரவர் அப்பா பெயரின் முதலெழுத்தில் போய் நின்றுகொண்டார்கள். நாலு குமார்கள் நாலு மூலையில்.

கணினிக் கடைத் தம்பி, "சார், ஒரே எழுத்தா இருந்தா இனிஷியல்னு ஃபார்முலா போட்டா முடிஞ்சுது" என்றான். போட்டான். 'ம' பிரிந்தது, 'பொ' பெயராகிவிட்டது. நம் கண்ணுக்கு பொ ஒரே எழுத்து. கணினிக்கு அது ப ஒன்று, ொ ஒன்று, ஆக இரண்டு. 'எஸ்' என்றால் மூன்று. தமிழில் எழுத்தை எண்ணி இனிஷியலைப் பிடிக்க முடியாது. புள்ளியைத்தான் பிடிக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸில் இப்படி எழுதினோம்:

```
=REGEXEXTRACT(A2,"^((?:[^.\s]+\.\s*)*)(.+)$")
```

புள்ளியில் முடிகிற துண்டுகளெல்லாம் முதல் கட்டத்துக்கு, மிச்சம் அடுத்த கட்டத்துக்கு. சோதனைக்கு 'ம.பொ.சிவஞானம்' என்று தட்டினேன். எங்கள் பக்கத்தில் வேறு யாரைத் தட்டுவது? ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் வர முன்னின்று போராடியவர். 'ம.பொ.' ஒரு கட்டத்திலும் 'சிவஞானம்' ஒரு கட்டத்திலும் அழகாக உட்கார்ந்தன. 'ம.பொ.சி.' என்று சுருக்கினாலும் சி. தப்பாமல் பெயர்ப் பக்கம் வந்தது.

'சிவஞானம் ம பொ' என்று புள்ளியில்லாமல் எழுதினால் முதல் கட்டம் காலியாக இருக்கும். காலியானவற்றை ஒன்றுசேர்த்துக் கையால் பார்த்துவிடலாம். 'சிவஞானம்.ம' என்று எழுதியவர்தான் ஆபத்து. அவர் தலைகீழாகப் பிரிவார். இரண்டாம் கட்டத்தில் ஒற்றை எழுத்து நின்றால் அது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

பிரித்தாயிற்று. பிரிந்த எழுத்து யாருடையது? ம.பொ.சி.யின் 'ம' மயிலாப்பூர், ஊர். 'பொ' பொன்னுசாமி, அப்பா. ஊரும் அப்பாவும் ஒரே மாதிரிப் புள்ளி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் எல்லைப்புறத்தில் மூன்றாவது ஆளும் உண்டு: தெலுங்கு வீடுகளின் இண்டிபேரு. 1888-ல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனின் அப்பா பெயர் வீராசாமி. தமிழ் வழக்கப்படி அவர் வீ.ராதாகிருஷ்ணன் ஆகியிருக்க வேண்டும். ஆனால் எஸ். என்பது சர்வபள்ளி, குடும்பப் பெயர். அவர் மகன், வரலாற்றாசிரியர் கோபாலுக்கும் அதே எஸ்.தான். நம் வழக்கில் மகனுக்கு 'ரா' வந்திருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி இதுதான்: அப்பாவும் பிள்ளையும் ஒரே இனிஷியல் போட்டால் அது பெரும்பாலும் வீட்டுப் பெயர் அல்லது ஊர், தலைமுறைக்குத் தலைமுறை மாறினால் அப்பா பெயர். தாத்தா பெயரும் அப்பா பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும் வீடுகளில் இந்தச் சோதனை பல்லிளிக்கும், அது வேறு.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் தங்கள் பான் அட்டையை எடுத்து ஐந்தாவது எழுத்தைப் பார்க்கலாம். அது கடைசிப் பெயரின் முதலெழுத்து. விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். ஒரு சிவஞானம், கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் பொன்னுசாமியைப் போட்டால் ஐந்தாவது எழுத்து P. தன் பெயரையே போட்டால் S. ஒரே மனிதர்தான். கடவுச்சீட்டில் ஒரு மாதிரி, பானில் ஒரு மாதிரி எழுதிவிட்டு, இரண்டிலும் ஆள் ஒன்றே என்று நிரூபிக்க அலைகிறவர்களை நம் ஊரிலேயே பார்க்கலாம். அதனால் பட்டியலில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன்: அப்பா, ஊர், வீட்டுப் பெயர், இவற்றில் எது? தெரியாததைக் காலியாகவே விட்டேன். ஊகித்து நிரப்பிவிட்டால் பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

எல்லாம் முடிந்து பெயர்வாரியாக அடுக்கியபோது எங்கள் வகுப்புக்கு இரண்டு லட்சுமிகள் வந்தார்கள். என் நினைவில் ஒரு லட்சுமிதான். ஒன்றில் 'கோ.', இன்னொன்றில் 'மு.'. கீழே கிடந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

"ரெண்டும் நான்தான்டா. முன்னது எங்கப்பா, பின்னது எங்க வீட்டுக்காரர்."

"எதை எடுக்கட்டும்?"

"அப்பாவை வெச்சுக்கோ. ஸ்கூல்ல அவர்தானே வந்து சேத்துவிட்டாரு."