மரத்துக்குப் போட்ட புள்ளடியும் கோலாசானின் பிரம்பும்

எங்கட பாராளுமன்றத்தில் கட்சிக் கொறடாவுக்குத் தமிழில் ஒரு அருமையான உத்தியோகபூர்வப் பெயர் இருக்கிறது: முதற்கோலாசான். கோலோடு நிற்கிற ஆசான். பத்திரிகைகள் கொறடா என்றே எழுதுவதால் பலருக்கு இது தெரியாது. ஆனால் வேலை என்ன என்பதை இந்தப் பெயர்தான் சரியாகச் சொல்கிறது. வாக்கெடுப்பு நாளில் வகுப்புக்கு எல்லாரும் வந்திருக்கிறார்களா, கட்சி சொன்ன பக்கம் கை தூக்குகிறார்களா என்று பார்க்கிற ஆள்.

சொல்லுக் கேளாத மாணவனுக்கு என்ன நடக்கும்? "எம்.பி. பதவி பறிபோகும்" என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். நானும் கனகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் கட்சி முடிவை மீறி வாக்களித்தால் ஆசனம் போகும் என்று எங்கள் அரசியலமைப்பில் ஒரு வரிகூட இல்லை.

இருப்பது 99(13)(அ) உறுப்புரை. அது வாக்கைப் பற்றிக் கதைக்கவே இல்லை, கட்சி உறுப்புரிமையைப் பற்றித்தான் கதைக்கிறது. எந்தக் கட்சியின் வேட்புமனுப் பத்திரத்தில் உங்கள் பெயர் இருந்ததோ, அந்தக் கட்சியின் உறுப்பினராக நீங்கள் இல்லாமல் போனால், ஒரு மாதத்தில் உங்கள் ஆசனம் வெற்றிடமாகும். கட்சி உங்களை நீக்கியிருந்தால், அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போய் "நீக்கியது செல்லாது" என்று மனுப் போடலாம். மூன்று நீதியரசர்கள் விசாரித்து இரண்டு மாதத்துக்குள் தீர்மானிக்க வேண்டும். நீக்கியது செல்லும் என்று அவர்கள் சொன்னால், சொன்ன நாளிலிருந்து ஆசனம் போகும். அதுவரைக்கும் நீங்கள் எம்.பி.தான், சம்பளம், வாக்கு, வாகனம் எல்லாத்தோடும்.

அதாவது கோலாசானின் கையில் பிரம்பு இல்லை. பிரம்பு கட்சித் தலைமையின் அலுமாரியில் இருக்கிறது. யாருக்கு எடுப்பது, யாருக்கு எடுக்காமல் விடுவது என்பதைத் தலைமைதான் முடிவெடுக்கும். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

2020 ஒக்டோபர் 22 ஐ ஞாபகப்படுத்துங்கள். ஜனாதிபதிக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த 20 ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக 156 வாக்குகள், எதிராக 65. மூன்றில் இரண்டுக்குத் தேவை 150. அந்த 156 இல் எட்டு, எதிர்க்கட்சிப் பக்கமிருந்து பாராளுமன்றம் வந்தவர்களுடையவை. கழித்துப் பாருங்கள், 148 வரும். அந்த எட்டுப் பேரில் நாலு பேர் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைச் சேர்ந்தவர்கள்: ஹரீஸ், பைசால் காசிம், தௌபீக், நஸீர் அஹமட். அவர்களின் தலைவர் ரவூப் ஹக்கீம் எதிர்த்து வாக்களித்தார். ஐந்து பேர் கொண்ட கட்சி, தலைவர் ஒரு பக்கம், மற்ற நாலு பேரும் மறுபக்கம். அந்த வாக்குக்காக நாலு பேரில் ஒருவரின் ஆசனமும் போகவில்லை.

இந்த நாலு பேருக்குள்ளும் சட்டம் ஒரு கோடு கீறி வைத்திருந்தது. ஹரீஸும் பைசால் காசிமும் அம்பாறையிலும், தௌபீக் திருகோணமலையிலும் ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்தில் வந்தவர்கள். நஸீர் அஹமட் மட்டும் மட்டக்களப்பில் முஸ்லிம் காங்கிரஸின் சொந்த மரச் சின்னத்தில் வந்தவர். உறுப்புரை பார்ப்பது வேட்புமனுப் பத்திரத்தை. எனவே முதல் மூன்று பேரையும் முஸ்லிம் காங்கிரஸ் நூறு தரம் நீக்கினாலும் அவர்களின் ஆசனம் அசையாது. அசைக்கக்கூடிய ஒரே கட்சி தொலைபேசிக்காரர்தான். கூட்டணிச் சின்னத்தில் போய் வெல்கிற எந்தச் சிறிய கட்சிக்கும் இதே நிலைமைதான். தலைவர் கட்சிக் கூட்டத்தில் மேசையில் அடித்துக் கதைக்கலாம், ஆனால் தன் ஆளின் ஆசனத்தின் திறப்பு இன்னொருவரின் பொக்கெட்டில் இருக்கிறது. மலையகக் கட்சிகளுக்கும் இது புதுக் கதை இல்லை.

மரத்தில் வந்தவரின் கதை வேறு மாதிரி முடிந்தது. 2022 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் கட்சி முடிவை மீறி ஆதரவாக வாக்களித்தார் என்பதில் நஸீர் அஹமட்டுக்கும் கட்சிக்கும் பிரச்சினை முற்றியது. 2022 ஏப்ரலில் அவர் சுற்றாடல் அமைச்சரானார். கட்சி நீக்கியது, அவர் உயர் நீதிமன்றம் போனார். தீர்ப்பு வந்தது 2023 ஒக்டோபர் 6 ஆம் திகதி: நீக்கியது செல்லும். அன்றோடு ஆசனம் போனது, அமைச்சும் போனது. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நின்ற அலி ஸாஹிர் மௌலானா உள்ளே வந்தார். இடைத்தேர்தல் இல்லை, மட்டக்களப்பு மக்களிடம் ஒருத்தரும் ஒண்டும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் என்று எழுதியிருக்கிற இடத்தில் ஒரு வருடத்துக்கும் மேல். இது தனி ஒரு சம்பவம் என்று நினைக்காதீர்கள். ஐக்கிய மக்கள் சக்தியில் பாராளுமன்றம் வந்த ஹரின் பெர்னாண்டோவும் மனுஷ நாணயக்காரவும் 2022 மே மாதம் அரசாங்கத்தில் அமைச்சர்களானார்கள். அவர்களை நீக்கியது செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2024 ஓகஸ்ட் 9 ஆம் திகதி. செப்டெம்பர் 24 ஆம் திகதி அந்தப் பாராளுமன்றமே கலைந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு மேல் அமைச்சு, அதற்குத் தண்டனை ஆறு கிழமை. இந்தக் கணக்கைப் பார்த்தபிறகு, கட்சி தாவ நினைக்கிற ஒருவருக்குப் பயம் வருமா? நல்ல சட்டத்தரணி ஒருவரின் தொலைபேசி இலக்கம்தான் வேணும்.

சரி, ஏன் இழுபடுகிறது? நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. நீதியரசர்கள் பார்ப்பது, அவர் அப்படி வாக்களித்தது சரியா பிழையா என்பதை இல்லை. கட்சி தன் யாப்புப்படி நடந்ததா, குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்ததா, அவருடைய பக்கத்தைக் கேட்டதா, முடிவெடுத்த சபைக்கு அந்த அதிகாரம் இருந்ததா என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். எங்கட கட்சிகளின் கூட்டக் குறிப்புகள் எந்த இலட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சில வேளை "கட்சி முடிவு" என்பதே தலைவர் வட்ஸ்அப்பில் போட்ட ஒரு குரல் பதிவுதான். வாக்கெடுப்புக்கு முன் முடிவு எடுக்கப்பட்டது என்பதற்கே எழுத்துச் சாட்சி இல்லையென்றால், மீறினார் என்று எப்படி நிரூபிப்பது?

மீறியது தெரியவராத வாக்கெடுப்புகளும் இருக்கின்றன. குரல் வாக்கெடுப்பில் "ஆம்", "இல்லை" என்ற சத்தம்தான், பெயர் பதிவாகாது. ஒரு உறுப்பினர் பிரிவு கேட்டால்தான் யார் எந்தப் பக்கம் என்பது ஹன்சாட்டில் ஏறும். 2022 ஜூலை 20 ஆம் திகதி ஜனாதிபதியைத் தெரிந்தது இரகசிய வாக்கு. பல எதிர்க்கட்சிகள் டலஸ் அழகப்பெரும பக்கம் என்று முடிவெடுத்திருந்தும் அவருக்குக் கிடைத்தது 82, ரணிலுக்கு 134. யார் கட்சிக்குத் துரோகம் செய்தது என்று இன்றைக்கும் ஆளை ஆள் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு வாசித்துவிட்டு என் நண்பன் ஒருத்தன் சொன்னான்: "அப்ப இந்தியாவில மாதிரிச் செய்ய வேண்டியதுதானே மச்சான். கொறடா சொன்னதை மீறினா ஆசனம் போச்சு, கதை முடிஞ்சுது." அங்கே 1985 இல் பத்தாவது அட்டவணை கொண்டுவந்தார்கள். கட்சியின் கட்டளைக்கு எதிராக வாக்களிப்பதே, வராமல் விடுவதே தகுதியிழப்புக்குக் காரணம். கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னித்தால் தப்பலாம். தீர்மானிப்பவர் சபாநாயகர்.

நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சபாநாயகர் யாருடைய ஆள் என்ற கேள்வியை ஒரு பக்கம் வையுங்கள். வாக்கையும் தாவலையும் ஒரே குற்றமாக்குகிறதுதான் அதன் அடிப்படைப் பிழை. 1991 இல் பிரேமதாசவுக்கு எதிரான குற்றப் பிரேரணையின் பின்னால் நின்றதற்காக லலித் அத்துலத்முதலியையும் காமினி திசாநாயக்கவையும் ஐக்கிய தேசியக் கட்சி நீக்கியது. உயர் நீதிமன்றமும் அந்த நீக்கத்தை ஏற்றுக்கொண்டது, ஆசனங்கள் போயின. அவர்கள் பதவிக்காகப் பக்கம் மாறியவர்கள் இல்லை. ஜனாதிபதியைக் கேள்வி கேட்க அரசியலமைப்பே திறந்து வைத்த ஒரு கதவைத் தட்டியவர்கள். அவர்களின் உள்நோக்கம் பற்றி ஆயிரம் சொல்லலாம், எனக்கும் அவர்களில் பெரிய பாசம் இல்லை. ஆனால் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் தன் தலைவரை எதிர்த்துக் கையெழுத்து வைத்தால் வீட்டுக்குத்தான் போகவேணும் என்றால், அந்தக் கதவு எதற்கு?

இந்தக் கொறடா முறை பிறந்த இடமான பிரித்தானியாவில் 2019 செப்டெம்பரில் பொரிஸ் ஜோன்சன், தன் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்த 21 பேரை ஒரே இரவில் பாராளுமன்றக் கட்சிக் குழுவிலிருந்து வெளியேற்றினார். அதில் முன்னாள் நிதியமைச்சர்களும் இருந்தார்கள். ஆனால் ஒருவரின் ஆசனமும் போகவில்லை. அடுத்த தேர்தலில் கட்சி வேட்புமனு கொடுக்குமா என்ற பயம் இருந்தது, அது போதுமான பயம்தான்.

"அங்க ஆளுக்கு வாக்கு, இங்க சின்னத்துக்கு வாக்கு" என்பது இதற்கு வருகிற பதில். பாதிதான் உண்மை. மட்டக்களப்பில் மரத்துக்குப் புள்ளடி போட்ட ஒருவர், அதற்குக் கீழே விருப்பு இலக்கங்களுக்கும் புள்ளடி போட்டிருக்கிறார். சின்னத்தையும் தெரிந்தார், ஆளையும் தெரிந்தார். கட்சி மட்டும் அந்த வாக்கின் சொந்தக்காரன் இல்லை, எம்.பி.யும் இல்லை.

ஆகவே இரண்டையும் பிரிக்கவேணும். ஒரு சட்டமூலத்தில் கட்சிக்கு எதிராக வாக்களித்தவரைக் கட்சி தாராளமாகத் தண்டிக்கட்டும். குழுப் பதவிகளைப் பறிக்கட்டும், பேசுகிற நேரத்தைக் கொடுக்காமல் விடட்டும், அடுத்த தேர்தலில் வேட்புமனு மறுக்கட்டும். ஆசனத்தில் கை வைக்கக்கூடாது. 20 ஆவது திருத்தத்துக்குக் கை தூக்கிய எட்டுப் பேருக்கும் இதைத்தான் சொல்வேன், எனக்கு அந்த வாக்கில் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும்.

ஆனால் எதிர்க்கட்சிப் பட்டியலில் வந்துவிட்டு, கட்சியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அமைச்சராகவோ இராஜாங்க அமைச்சராகவோ சத்தியப்பிரமாணம் செய்தால், அன்றே ஆசனம் வெற்றிடமாக வேண்டும். இதற்கு ஒழுக்காற்று விசாரணை எதுவும் தேவையில்லை. நியமன வர்த்தமானி ஒன்றே சாட்சி. பாராளுமன்றச் செயலாளர் நாயகம் ஏற்கெனவே வெற்றிடங்களைத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கிறவர்தான், இதையும் அறிவிக்கட்டும். சம்மதம் இருந்ததா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு வேண்டுமானால் நீதிமன்றம் போகலாம். போகிற காலத்தில் அமைச்சுக் கதிரையில் இருக்கக்கூடாது.

"நாடு எரியும்போது பொறுப்பெடுத்தோம்" என்று 2022 இல் போனவர்கள் சொன்னார்கள். எரிந்தது உண்மை, நாங்களும்தான் எரிபொருள் வரிசையில் நின்றோம். எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்துகொண்டே நல்ல சட்டமூலத்துக்கு ஆதரவாக வாக்களித்திருக்கலாம். நான் சொல்கிற முறையில் அதற்கு ஆசனம் போகாது. அதற்கு அமைச்சு எதற்கு, வாகனத் தொடரணி எதற்கு என்று கேட்டால் மட்டும் ஒருவரும் வாய் திறக்கிறார்கள் இல்லை.