பாட்டிக்கு ஒரு கடிதம்

மதுரையில் காட்சித் தொடர்பியல் படித்து முடித்த இளைஞர் ஒருவர், சோழவந்தான் பக்கத்துக் கிராமத்தில் கதை சொல்லும் ஒரு பாட்டியைப் படம் பிடிக்க ஆசைப்பட்டார். பாட்டிக்கு எண்பது நெருங்குகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் கதையை அவர் சொல்லிக் கேட்டால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது என்று ஊரில் சொல்கிறார்கள். இளைஞர் பாட்டியின் மகனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் அனுப்பினார். "அம்மாவுக்கு விருப்பம் இல்லை" என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்பி, "இதில் என்ன சார் தப்பு?" என்று கேட்டிருந்தார்.

கடிதம் இப்படித் தொடங்கியது: "மதிப்பிற்குரிய நாட்டுப்புறக் கதைசொல்லி அவர்களுக்கு, அழிந்துவரும் வாய்மொழி மரபை ஆவணப்படுத்தும் எமது முயற்சியில் தங்களை நேர்காணல் செய்ய விரும்புகிறோம்."

பாட்டி தன்னை ஒருநாளும் 'நாட்டுப்புறக் கதைசொல்லி' என்று நினைத்ததில்லை. நடவுக்குப் போகிற இடத்தில் கதை சொல்வார், அவ்வளவுதான். 'அழிந்துவரும்' என்ற சொல்லை அந்த வீட்டில் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எண்பது வயதுக்காரரிடம் போய் "நீங்கள் போவதற்குள் எடுத்துவிடுகிறோம்" என்று சொன்னது போல்தான்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தக் கடிதத்தைப் பாட்டி படிக்கப் போவதில்லை. பேரனோ பேத்தியோ வாசிக்க, அவர் காதால் கேட்பார். வாய்விட்டு வாசித்தால் நாக்கு தடுக்குகிற வாக்கியம் எதுவும் இந்தக் கடிதத்தில் இருக்கக் கூடாது. அதோடு, இப்படிப்பட்ட கடிதத்தைத் தாளில் எழுதிக் கொடுப்பதே நல்லது. வாட்ஸ்அப் செய்தி நாலு நாளில் மேலே போய்விடும். தாளில் இருந்தால் பெட்டிக்குள் பத்திரமாகக் கிடக்கும். "அன்றைக்கு என்ன சொல்லிக் கூப்பிட்டாய்?" என்று நாளைக்கு மகன் எடுத்துக் காட்டிக் கேட்கலாம்.

பாட்டி மறுத்ததற்கு வேறு காரணமும் இருந்தது. இளைஞர் நேரில் போய் விசாரித்தபோதுதான் தெரிந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு யாரோ வந்து பாட்டியைப் பேச வைத்து செல்போனில் எடுத்துப் போயிருக்கிறார்கள். கதையில் ஒரு சாதிப் பேர் வரும் இடத்தை மட்டும் முப்பது விநாடி வெட்டி, கேலியாகத் தலைப்பு வைத்துப் போட்டுவிட்டார்கள். ஊரில் இரண்டு வீட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்களாம். முழுக் கதையில் அந்த வரிக்கு முன்னால் ஒரு சிரிப்பும், பின்னால் ஒரு சமாதானமும் இருக்கிறது. வெட்டியதில் இரண்டுமே போய்விட்டன.

ஆகவே பாட்டி கேட்காமல் கேட்பது, 'என்னை என்ன செய்யப் போகிறாய்?' என்பதைத்தான். கடிதம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதில் சட்டமும் பாட்டி பக்கம் கொஞ்சம் நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 'நிகழ்த்துவோர் உரிமை' என்று ஒன்று உண்டு. நிகழ்த்துவோர் யார் என்று சட்டம் அடுக்கிக்கொண்டே போகிறது: நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, வித்தை காட்டுபவர், பாம்பாட்டி, சொற்பொழிவாற்றுபவர், இன்னும் நிகழ்ச்சி செய்கிற எவரும். பாம்பாட்டிக்கே இடம் இருக்கும்போது கதை சொல்கிற பாட்டிக்கு இல்லாமலா போகும்? 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்கவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி திரித்தால் தடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். படத்தில் சேர்த்துக்கொள்ள எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, தயாரிப்பவர் அந்தப் படத்தைப் பயன்படுத்துவதை அவர் பிறகு ஆட்சேபிக்க முடியாது. வணிகரீதியாகப் பயன்படுத்தினால் உரிமைத்தொகை கேட்கலாம், அவ்வளவுதான். அதனால் 'சம்மதப் பத்திரம்' என்று இணையத்தில் கிடைப்பதை அப்படியே அச்செடுத்துக் கைநாட்டு வாங்குவது நியாயம் இல்லை. துண்டு துண்டாக வெட்டிப் போடுவதில்லை, காட்டாமல் வெளியிடுவதில்லை என்ற இரண்டையும் அந்தத் தாளிலேயே எழுத வேண்டும். கையெழுத்தைக் கதை சொல்லி முடித்த பிறகு வாங்குங்கள். என்ன சொன்னோம் என்பது அப்போதுதானே அவருக்கே தெரியும்!

இனி கதைக்கு வருவோம். முதல் கடிதத்தில் இளைஞர் இன்னொன்றும் எழுதியிருந்தார்: "மண்டூக முனிவர் சாப விமோசனக் கதையைத் தாங்கள் கூற வேண்டும்." இங்கேதான் எனக்குப் பகீர் என்றது.

மதுரைக்காரர்களுக்குத் தெரியும், அழகர் வைகைக்கு வருவதற்கு இரண்டு கதைகள் உண்டு. கோயில் சொல்வது, துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன மண்டூக முனிவருக்கு விமோசனம் கொடுக்க வருகிறார் என்பது. தேனூர் மண்டபத்தில் அந்த நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. சனங்கள் சொல்வது வேறு. தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குச் சீர் கொண்டு அண்ணன் வருகிறார், அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடுகிறது, கோபத்தில் ஊருக்குள் போகாமல் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். வண்டியூரில் துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்று சொல்கிறவர்களும் உண்டு. மீனாட்சி கல்யாணமும் அழகர் இறங்குவதும் முன்பு தனித்தனித் திருவிழாக்கள், அழகர் தேனூருக்குத்தான் போவார், திருமலை நாயக்கர்தான் இரண்டையும் மதுரையில் சேர்த்து வைத்தார் என்பார்கள். இதையெல்லாம் ஊர் ஊராகக் கேட்டு ஆராய்ந்தவர் பேராசிரியர் தொ. பரமசிவன். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு 'அழகர் கோயில்' என்ற பெயரில் மதுரை காமராசர் பல்கலைக்கழக வெளியீடாக 1989-ல் வந்தது.

படித்த பிள்ளை ஒருவன் கேமராவோடு வந்து முனிவர் கதையைக் கேட்டால் பாட்டி என்ன செய்வார்? வந்தவனுக்கு எது வேண்டுமோ அதைக் கொடுப்பார். கோயிலில் கேட்டதை ஒப்பிப்பார். அண்ணன் தங்கைச் சண்டை வெளியே வரவே வராது. இப்படி ஆகிவிட்டதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாட்டியின் பேச்சு மாறும். "வந்தாருய்யா, வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று போய்க்கொண்டிருந்தவர், "அழகர் எழுந்தருளினார்" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த 'எழுந்தருளினார்' காதில் விழுந்ததும் கேமராவை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு, "இதை யாரு பாட்டி உங்களுக்கு மொதல்ல சொன்னது?" என்று கேளுங்கள். அம்மா சொன்னது நினைவுக்கு வந்தால் அம்மாவின் பேச்சும் கூடவே வந்துவிடும்.

இன்னொரு சங்கடம் ஒலியில் இருக்கிறது. நேர்காணல் எடுப்பவர்கள் பேசுபவரின் குரல் மட்டும் சுத்தமாக வர வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டப் பழகியிருப்பார்கள். நம் பாட்டிமார்களிடம் அது நடக்காது. எதிரே ஒருவர் 'ம்' கொட்ட வேண்டும். 'ம்' நின்றால் "தூங்கிட்டியா?" என்று கதையும் நின்றுவிடும். அதனால் 'ம்' கொட்ட ஒரு ஆளை, பேத்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ, கேமராவுக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். பாட்டி லென்ஸைப் பார்க்க வேண்டியதில்லை, அந்த முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். மைக்கைப் பாட்டியின் சேலையில் குத்தினால் அவர் குரல் பெரிதாகவும் 'ம்' சின்னதாகவும் விழும். அந்த 'ம்'மை எடிட்டிங்கில் நீக்காதீர்கள், அதுவும் கதைதான். குத்தும்போது சங்கிலி உரசாத இடமாகப் பாருங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். தகர ஓட்டு வீடாக இருந்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் விசிறியை நிறுத்தச் சொல்வது கொடுமை.

"கொஞ்சம் முதலிலிருந்து சொல்லுங்க பாட்டி" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இரண்டாம் தடவை சொல்வது அதே கதை அல்ல, சுருங்கிப்போன வேறு கதை. முதல் தடவையே பதிவாக வேண்டும் என்றால், வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே பேட்டரியும் கார்டும் சரியாக இருக்க வேண்டும்.

நானும் அந்த இளைஞரும் சேர்ந்து எழுதிய இரண்டாவது கடிதம் இதுதான். பெயர்களை எடுத்துவிட்டேன்.

"பாட்டிக்கு வணக்கம். நான் மதுரையிலிருந்து எழுதுகிறேன். படம் எடுக்கப் படித்திருக்கிறேன். நீங்கள் நடவில் அழகர் கதை சொல்வீர்கள் என்று உங்கள் ஊர் அக்கா ஒருவர் சொன்னார். அதை உங்கள் வாயால் கேட்க ஆசை.

முன்னால் ஒருவர் எடுத்துப் போய் உங்களுக்குச் சங்கடம் ஆனது எனக்குத் தெரியும். அதனால் முதல் நாள் கேமரா கொண்டுவர மாட்டேன். சும்மா வந்து கேட்டுவிட்டுப் போகிறேன். உங்களுக்குப் பிடித்தால் இன்னொரு நாள் படம் எடுக்கலாம். உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே எடுக்கலாம். நானும் இன்னொரு பையனும் மட்டும் வருவோம்.

நீங்கள் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். சொல்ல விருப்பமில்லாத கதையைச் சொல்ல வேண்டாம். எடுத்ததை முழுசாக உங்களுக்கும் மாமாவுக்கும் போட்டுக் காட்டுவேன். வேண்டாம் என்று நீங்கள் சொல்கிற இடத்தை எடுத்துவிடுவேன். துண்டாக வெட்டி எங்கும் போட மாட்டேன். உங்கள் பெயரும் ஊரும் படத்தில் வரும். வேண்டாம் என்றால் போடவில்லை.

அன்றைக்கு உங்களுக்கு வேலை கெடும். ஒரு நாள் கூலிக்குக் குறையாமல் கொடுத்துவிடுகிறேன். படத்தில் பணம் வந்தால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அதைத் தனியாக எழுதித் தருகிறேன். படத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டுக்கு.

சித்திரைத் திருவிழா முடிந்து, வீட்டில் விருந்தாளிகள் போன பிறகு, உங்களுக்குத் தோதான நாளை மாமாவிடம் சொல்லி அனுப்புங்கள். முடியாது என்றாலும் வருத்தமில்லை."

கடிதத்தை இளைஞரே கொண்டுபோய்க் கொடுத்தார். பேத்தி வாசித்தாளாம். 'முதல் நாள் கேமரா கொண்டுவர மாட்டேன்' என்ற இடத்தில் பாட்டி அவளை நிறுத்தி, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாராம். பதில் மறுநாள் மகனிடமிருந்து வந்தது: "வைகாசியில் வரச் சொல்லுது. வரும்போது வெத்தலை வாங்கிட்டு வரணுமாம்."