யாரும் கேட்காத கேள்விகள்

வங்கிகளின் இணையதளத்தில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் முதல் கேள்வியே பல சமயம் "எங்கள் சேவையின் சிறப்பம்சங்கள் என்ன?" என்றிருக்கும். இப்படி ஒரு வாடிக்கையாளர் என்றைக்காவது கேட்டிருப்பாரா? இது விளம்பரத்துக்குப் போட்ட கேள்விக்குறி, அவ்வளவுதான்.

உண்மையான கேள்வி ஏடிஎம் வாசலில் பிறக்கிறது. இயந்திரம் சத்தம் போடுகிறது, பணம் வரவில்லை. ஆனால் 2,000 ரூபாய் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. அந்த மனிதர் கேட்பது: "பணம் வரல, கணக்குல கழிஞ்சிருச்சு. எப்ப திரும்பி வரும்?" பக்கத்தில் இருப்பதோ: "தோல்வியுற்ற பரிவர்த்தனைகள் குறித்த வங்கியின் கொள்கை யாது?" தன் கேள்வி இதுதான் என்பதே அவருக்குத் தெரியாது. கடைசியில் தொலைபேசியில்தான் அழைப்பார்.

இத்தனைக்கும் பதில் மிகச் சிறியது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே விதி வகுத்துவிட்டது. அதை இப்படி எழுதினால் போதும்:

"ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துவிட்டது. எப்போது திரும்பக் கிடைக்கும்?

5 நாட்களுக்குள் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். தாமதமானால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் கூடுதலாகத் தருவோம். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியதில்லை. உதாரணம்: 10ஆம் தேதி கழிந்த பணம் 15ஆம் தேதிக்குள் வர வேண்டும். 18ஆம் தேதி வந்தால் 300 ரூபாய் சேர்ந்து வரும்."

முதல் வரியிலேயே பதில் வந்துவிட்டது. விடுமுறை நாளும் கணக்கில் சேருமா என்ற சந்தேகத்தை உதாரணமே தீர்த்துவிடும், ஏனெனில் இது காலண்டர் நாள் கணக்கு. ஒருவர் இன்னொருவருக்கு யுபிஐயில் அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் கெடு வேறு, மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். அதை இதே பதிலில் திணித்தால் இரண்டும் குழம்பும். அது தனிக் கேள்வியாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே ஓர் ஆபத்தும் உண்டு. சுருக்குகிறோம் என்று சொல்லி அந்த 100 ரூபாய் வரியை வெட்டிவிடலாம். அது சுருக்கம் அல்ல, மறைப்பு. வாடிக்கையாளரின் உரிமையைச் சொல்லும் வரியை விட்டுவிட்டு, வங்கியின் பெருமையைச் சொல்லும் வரிகளைத்தான் வெட்ட வேண்டும்.

சரி, மக்கள் என்ன கேட்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? கடந்த மாதம் தொலைபேசி, மின்னஞ்சல், கவுண்டர் வழியாக வந்த 200 கேள்விகளை எடுத்து, அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, ஒரே மாதிரியானவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். பெரிய குவியல் பக்கத்தின் மேலே வரட்டும். ஒருவர்கூடக் கேட்காதது குப்பைக்குப் போகட்டும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம். அதே கேள்விக்கு அழைப்புகள் குறையவில்லையென்றால், தவறு வாடிக்கையாளரிடம் இல்லை. எழுதிய பதிலில்தான்.