மூன்றாவது பட்டியல்

வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்துப்போகும் பரிசோதனை நிறுவனம் ஒன்றிலிருந்து இந்த வாரம் மின்னஞ்சல் வந்தது. தனியுரிமைக் கொள்கையைப் புதுப்பித்துவிட்டார்களாம். அதோடு நிறுத்தியிருந்தால் பேசாமல் அழித்திருப்பேன். தொடர்ந்து சேவையைப் பயன்படுத்தினால் நான் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்களாம். சர்க்கரை பார்க்க வேண்டிய வயதில் இருப்பவன் சேவையைத் தொடராமல் எங்கே போவான்? கோபத்தில் அந்தக் கொள்கையை முழுக்கப் படிப்பது என்று உட்கார்ந்தேன்.

நாம் இப்படி உட்காராததற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் அலீஷியா மெக்டொனால்ட், லாரி கிரேனர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஒருவர் தான் போகும் தளங்களின் கொள்கைகளையெல்லாம் ஒழுங்காகப் படித்தால் ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று வந்தது. அது செல்போனில் ஆப்கள் பெருகுவதற்கு முந்தைய கணக்கு.

அதனால் வரிவரியாகப் படிக்காமல், காகிதத்தில் மூன்று பட்டியல் போட்டுக்கொண்டு படித்தேன். என்ன எடுக்கிறார்கள், எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், யாருக்குக் கொடுக்கிறார்கள். கொள்கை எத்தனை பக்கம் ஓடினாலும் நமக்கு வேண்டியது இவ்வளவுதான்.

முதல் பட்டியல் வேகமாக நிரம்பியது. பெயர், வயது, பாலினம், முகவரி, கைபேசி எண், மருந்துச் சீட்டு, பரிசோதனை முடிவு. இவை நாமே கொடுப்பவை. அடுத்து, நாம் கொடுக்காமலே போனும் பிரவுசரும் கொடுப்பவை: ஐ.பி. முகவரி, போனின் மாடல், இருக்கும் இடம், எந்தெந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பது. மூன்றாவதாக, மற்றவர்களிடமிருந்து எங்களுக்குக் கிடைக்கும் விவரங்கள் என்று ஒரு வரி. யார் அந்த மற்றவர்கள் என்று இல்லை. பலர் முதல் வகையை மட்டும் பார்த்துவிட்டு, நாம்தானே கொடுத்தோம் என்று சமாதானமாகிவிடுகிறார்கள்.

இரண்டாவது பட்டியலில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. தேவைப்படும் காலம் வரை வைத்திருப்போம் என்கிறது கொள்கை. ஆண்டு, மாதம் எதுவும் கிடையாது. கணக்கை மூடினால் விவரமும் அழியும் என்றும் எங்கேயும் சொல்லவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் நாட்டின் 2011-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளே உடல்நிலை, மருத்துவப் பதிவு போன்ற நுண்மையான விவரங்களைத் தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, நாள் கணக்கை நிறுவனத்திடம் விட்டுவிடுகின்றன.

மூன்றாவது பட்டியலில்தான் பேனா நின்றது. ஆய்வகம், மாதிரி எடுக்க வரும் ஊழியர், பணம் வாங்கும் நிறுவனம் ஆகிய மூவரும் நியாயம். அவர்களுக்குக் கொடுக்காமல் வேலை நடக்காது. அதற்குக் கீழே, விளம்பரத்துக்கும் பகுப்பாய்வுக்கும் உதவும் கூட்டாளிகள் என்று இருந்தது. ஒரு பெயர்கூட இல்லை. அதே பத்தியில் தடித்த எழுத்தில், உங்கள் மருத்துவ விவரங்களை நாங்கள் விற்பதில்லை என்ற உறுதிமொழியும் இருந்தது. விற்பதில்லை சரி, கொடுப்பதுண்டா? இந்த இடத்தில் எனக்கு குட்ஆர்எக்ஸ் வழக்கு நினைவுக்கு வந்தது. ரத்தப் பரிசோதனை நிறுவனத்தை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

குட்ஆர்எக்ஸ் அமெரிக்காவில் மருந்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தரும் தளம். எந்த மருந்து, எந்த ஊர் என்று போட்டால் எந்தக் கடையில் மலிவு என்று காட்டும். மருந்து விலை கழுத்தை நெரிக்கும் நாட்டில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்துவதில் வியப்பில்லை. உங்கள் உடல்நிலை பற்றிய விவரங்களை விளம்பரக்காரர்களுக்குக் கொடுக்க மாட்டோம் என்று அதன் கொள்கை உறுதி சொன்னது. ஆனால் பேஸ்புக், கூகுள், கிரிட்டியோ போன்ற விளம்பர நிறுவனங்களுக்கு அந்த விவரம் போய்க்கொண்டிருந்தது என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023 பிப்ரவரியில் குற்றம் சாட்டியது.

எப்படிப் போனது என்பதுதான் தெரிந்துகொள்ள வேண்டியது. இரண்டு வழிகள்.

முதல் வழி பிக்சல். தளத்தின் பக்கத்தில் பேஸ்புக் தரும் சில வரி நிரலைச் செருகிவைப்பார்கள். நாம் பக்கத்தைத் திறந்ததும் அந்த நிரல் நம் பிரவுசரிலிருந்தே பேஸ்புக்குக்கு ஒரு செய்தி அனுப்பும். ஏறக்குறைய இப்படி:

```
https://www.facebook.com/tr/?id=000000&ev=PageView
  &dl=https%3A%2F%2Fexample.com%2Fthyroid-test
```

இதில் `ev` என்பது என்ன நடந்தது என்பது. `dl` என்பது நாம் பார்த்த பக்கத்தின் முகவரி. முகவரியிலேயே தைராய்டு என்று இருந்தால் தனியாக நோயைச் சொல்லவே வேண்டாம். குட்ஆர்எக்ஸ் இதற்கும் ஒரு படி மேலே போய், மருந்தின் பெயர், மருந்தின் வகை என்று தனி நிகழ்வுகளையே உருவாக்கி அனுப்பியது என்கிறது ஆணையத்தின் மனு.

இரண்டாவது வழிக்குப் பிரவுசரே வேண்டாம். 2019 ஆகஸ்டில் அந்த நிறுவனம், இதய நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றுக்குக் குறிப்பிட்ட மருந்து வாங்கியவர்களைப் பட்டியலாகப் பிரித்தது. அவர்களின் மின்னஞ்சல், கைபேசி எண், போனின் விளம்பர அடையாள எண் ஆகியவற்றை பேஸ்புக்கில் ஏற்றியது. பேஸ்புக் அவற்றைத் தன்னிடம் உள்ள கணக்குகளோடு ஒப்பிட்டு ஆட்களைக் கண்டுபிடித்தது. பிறகு அவர்களுக்கு ஏற்ற விளம்பரம் காட்டப்பட்டது.

இங்கேதான் என் பழைய புலம்பல் வருகிறது. துணிக்கடையிலும் மளிகைக்கடையிலும் பில் போடும்போது கைபேசி எண் கேட்பதைப் பற்றி இந்தப் பத்தியில் நான் எழுதியதும், "ஒரு நம்பர் சொல்வதில் உங்களுக்கு என்ன சார் குறைந்துபோகிறது?" என்று வாசகர்கள் கேட்டதும் பழையவர்களுக்கு நினைவிருக்கும். நம்பர் சொல்லாவிட்டால் பில்லே வராது என்று சாதித்த காசாளர் பெண்ணிடம் நான் வாதாடியதைச் சொன்னபோது என் மனைவியே அவள் பக்கம் பேசினாள். சும்மா சொல்லவில்லை, எண்ணைத் தரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறையே கடைகளுக்கு அறிவுரை அனுப்பியது. கடைகள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

குறைவது இதுதான். பெயர் ஆயிரம் பேருக்குப் பொதுவாக இருக்கும், முகவரி மாறும். கைபேசி எண் ஒருவருக்கு ஒன்று, பத்து வருடமானாலும் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. துணிக்கடைப் பட்டியலில் ஒரு வரி, ஆய்வகப் பட்டியலில் ஒரு வரி, பேஸ்புக் கணக்கில் ஒரு வரி. மூன்றிலும் அதே பத்து இலக்கம் இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரிந்துவிடும்.

கொள்கைகளில் இதற்கு ஒரு சமாதானமும் எழுதியிருப்பார்கள். எண்ணை அப்படியே தருவதில்லை, ஹாஷ் செய்துதான் தருகிறோம் என்பார்கள். ஹாஷ் என்பது ஒரு கணக்கு. எண்ணை உள்ளே விட்டால் சம்பந்தமே இல்லாததுபோல் ஒரு நீண்ட எழுத்துக்கோவை வெளியே வரும். மில்லில் அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது என்பது போல, அந்தக் கோவையிலிருந்து எண்ணைத் திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் ஒரே எண்ணை யார் உள்ளே விட்டாலும் ஒரே கோவைதான் வரும். பேஸ்புக்கிடம் உங்கள் எண் ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் அதே கணக்கைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டால் போதும். ஆள் கிடைத்துவிடுவார். அது மட்டுமல்ல, 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும் இந்தியக் கைபேசி எண்கள் அதிகபட்சம் 400 கோடிதான் இருக்க முடியும். அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒரு பட்டியல் வைத்துக்கொள்வது இன்றைய கணினிக்குச் சிறு வேலை. ஆகவே ஹாஷ் செய்தோம் என்பது வழியில் திருடுபவனுக்கு எதிரான பாதுகாப்பாக இருக்கலாம். பெற்றுக்கொள்பவரிடமிருந்து அது உங்களை மறைக்காது.

குட்ஆர்எக்ஸ் 15 லட்சம் டாலர் அபராதம் கட்டியது, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே. விளம்பரத்துக்காக உடல்நல விவரத்தைப் பகிரவும் தடை வந்தது. ஆனால் 2019-இல் ஏற்றிய பட்டியலைப் பயனாளர் எவரும் தன் பிரவுசரில் பார்த்திருக்க முடியாது என்பதைக் கவனியுங்கள்.

பிக்சலை மட்டும் நாமே பார்க்கலாம். கணினியில் குரோம் பிரவுசரைத் திறந்து F12 அழுத்தி, Network என்ற பகுதிக்குப் போய், Filter பெட்டியில் `facebook.com/tr` என்று தட்டிவிட்டுத் தளத்தின் பக்கத்தைத் திறக்க வேண்டும். வரி வந்தால் அனுப்புகிறார்கள். அதைச் சொடுக்கி `dl`-இல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கூகுளுக்குப் போவதைப் பார்க்க `collect` என்று தட்டலாம். விளம்பரத்தைத் தடுக்கும் நீட்சி போட்டிருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தளம் சுத்தமாக இருப்பதுபோல் காட்டும். இங்கே ஒரு வரியும் வரவில்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. ஆப்பிலிருந்து போவதும், ஒரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து இன்னொன்றின் சர்வருக்கு நேரே போவதும் இதில் தெரியாது.

அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரம் எந்தெந்த நிறுவனத்துக்குப் பகிரப்பட்டது என்று பெயரோடு கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் படிக்கவும் வழி தர வேண்டும் என்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஆனால் இந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வருவது 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான். அதுவரை 2011 விதிகளே கதி. அவற்றின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும், குறையை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கொள்கையின் அடியில் போய்த் தேடினால் கிடைக்கும்.

ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் அலுவலருக்கு நான் எழுதிவிட்டேன். "விளம்பரக் கூட்டாளிகள் யார் யார், என் கைபேசி எண்ணும் நான் செய்த பரிசோதனைகளின் பெயரும் அவர்களில் எவருக்குப் போயின" என்ற ஒரே கேள்விதான். நீங்களும் உங்கள் ஆய்வகத்துக்கோ மருந்து ஆப்புக்கோ இதே கேள்வியை அனுப்புங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டும், உங்கள் கைபேசி எண் வேண்டாம்.