கைப்பிடியை விட்டால்தான்

ஜெர்மன் கவிஞர் கதே 1770இல் சட்டம் படிக்க ஸ்ட்ராஸ்பர்க் வந்தபோது வயது இருபது. உயரத்தில் நின்றால் அவருக்குத் தலை கிறுகிறுக்கும். அந்த ஊர்ப் பேராலயக் கோபுரமோ 142 மீட்டர். அன்றைக்கு உலகில் அதைவிட உயரமான கட்டடம் கிடையாது. தனியாக உச்சிக்கருகே ஏறிக் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாராம். பிறகு வெளியே, ஒரு முழச் சதுர மேடையில், பிடிமானம் ஏதுமின்றி வந்து நிற்பார். பயம் மரத்துப்போகும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

முரட்டு வைத்தியம்தான். இன்றைய சிகிச்சையாளர்கள் எடுத்த எடுப்பில் யாரையும் உச்சியில் நிறுத்துவதில்லை. ஆனாலும் இரண்டு காரியங்களைக் கதே சரியாகச் செய்திருக்கிறார். பயம் ஏறியதும் இறங்கி ஓடவில்லை. எதையும் பற்றிக்கொள்ளவில்லை.

என் அத்தை மகனுக்கு எட்டாவது மாடியில் வீடு. பால்கனிப் பக்கமே போகமாட்டார். உளவியலாளர் முதலில் கேட்டது, "அங்கே நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்?" "கால் தானாக இழுத்துக்கொண்டு போய்க் கீழே தள்ளிவிடும்." அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்றதற்கு, நூற்றுக்குத் தொண்ணூறு என்றார். அந்த வாசகத்தை எழுதி வைத்துக்கொண்டு, இரண்டாவது மாடிப் பால்கனியில் தொடங்கினார்கள். கம்பியிலிருந்து நாலடி தள்ளி, பிறகு கம்பியருகே, பிறகு கீழே பார்த்தபடி. அது பழகியதும் நான்காவது மாடி.

சிக்கல் வந்தது நான்காவது மாடியில். தினமும் போய் நின்றும் பயம் குறையவில்லை. கவனித்தபோதுதான் தெரிந்தது, கம்பியை இறுகப் பிடித்திருந்தார். விழாமல் இருந்ததற்கான பெருமையை அந்தப் பிடிக்கே கொடுத்திருக்கிறது மூளை. ஓடித் தப்பினாலும் இதே கதைதான்: ஓடியதால் பிழைத்தேன் என்று மூளையின் அமிக்டலா பதிந்துகொள்ளும், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மணியடிக்கும். கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொன்னார்கள். இதயம் படபடத்தது, முழங்கால் நடுங்கியது, கால் மட்டும் எங்கும் இழுக்கவில்லை. தொண்ணூறு நாற்பதானது. படபடப்பு அடங்கியதா என்பதைவிட, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதே இங்கே பாடம். (தலையில் மாட்டும் மெய்நிகர் கருவியில் உயரத்தைக் காட்டியும் இதே பயிற்சியைத் தருகிறார்கள்.)

ஒரு எச்சரிக்கை. தரையில் நிற்கும்போதும் தலை சுற்றினால் அது காது சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

பழைய பயம் அழிந்துவிடுவதில்லை. அதன்மேல் புதிய அனுபவம் ஒன்று படிகிறது, அதுவும் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எட்டாவது மாடியில் நிம்மதியாகக் காபி குடிக்கத் தொடங்கிய அத்தை மகன், மெரினா கலங்கரை விளக்கத்தின் மேல்தளத்தில் காற்று முகத்தில் அறைந்ததும் மறுபடி வியர்த்துப்போனார். உளவியலாளர் அதில் ஆச்சரியப்படவில்லை. மேம்பாலம், மலைப்பாதை, கண்ணாடி லிஃப்ட் என்று அடுத்த பட்டியலை அன்றே எழுதிக்கொடுத்தார்.